சாரல் மாதமும் தற்காலிக மின்சாரமும்: கேள்வி – பதில்

கேள்வி: தென்காசியில் வீடு கட்டத் தொடங்கியிருக்கிறோம். கட்டட வேலைக்கான தற்காலிக இணைப்புக்குத் தனிக் கட்டணம் என்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தம் வீட்டு மின்சாரத்திலிருந்தே ஒரு வயர் இழுத்துக்கொள்ளச் சொல்கிறார். செய்யலாமா?
— வீட்டு உரிமையாளர், தென்காசி

கூடாது. பக்கத்து வீட்டின் இணைப்பிலிருந்து புது வீட்டின் கட்டட வேலைக்கு மின்சாரம் எடுப்பதை மின்வாரியம் அனுமதிப்பதில்லை. மதில் தாண்டி வரும் அந்த ஒற்றை வயர் எவருடைய கண்காணிப்பிலும் இராது. விண்ணப்பம் கொடுத்துத் தங்கள் பெயரில் இணைப்பு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் மனையில் எர்த் கம்பியை ஆழமாக இறக்கி, உப்பும் கரியும் போட்டு, தினமும் தண்ணீர் ஊற்றி வருகிறோம். போர்டில் 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் இருக்கிறது. இவ்வளவும் இருக்கும்போது இ.எல்.சி.பி. என்று தனியாக ஒன்றை வாங்கச் சொல்கிறார்களே, அது வீண் செலவல்லவா?
— கட்டட மேஸ்திரி, செங்கோட்டை

தாங்கள் எர்த்துக்கு எடுத்துக்கொண்ட சிரமம் பாராட்டத்தக்கது. ஆயினும், அந்தச் சிரமம் ஒன்றே ஆளைக் காப்பாற்றிவிடும் என்று நம்பியிருப்பதுதான் இத்தொழிலில் மிகப் பழமையான பிழை. ஆகையால் ஒரு சிறு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன்.

மலையடிவாரத்துச் செங்கோட்டை மண்ணில், சில அடிக்குக் கீழே பாறையும் சரளையும் தட்டும் இடத்தில், நன்றாக இறக்கிய ஒரு கம்பிக்கு 20 ஓம் தடை இருக்கிறது என்று கொள்வோம். மின்மாற்றியின் எர்த்துக்கு 3 ஓம் சேர்த்து, மொத்தம் 23 ஓம். கலவை இயந்திரத்தின் உள்ளே பேஸ் வயர் தோலுரிந்து இரும்பு உடலைத் தொட்டுவிடுகிறது. அப்போது மண் வழியாகப் பாயும் மின்சாரம் 230 வோல்ட்டை 23 ஓமால் வகுத்தால் வருவது, அதாவது 10 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரணச் சுமை. நாள் முழுவதும் அசையாமல் தாங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரம் முழுவதும் இயந்திரத்தின் உடல் மண்ணுக்கு மேலே 10 ஆம்பியரை 20 ஓமால் பெருக்கினால் வரும் 200 வோல்ட்டில் நிற்கும். ஈரக் காலோடு சிமெண்ட் மூட்டையைச் சரிக்க வருகிற சித்தாள் அந்த உடலின் மேல் கையை வைக்கிறாள்.

எம்.சி.பி. காப்பது வயரை, வயர் சூடேறி எரியாமல் பார்ப்பது அதன் கடமை. மனிதனைக் காப்பதற்கு இ.எல்.சி.பி. வேண்டும். இப்போது கடையில் கிடைக்கும் ஆர்.சி.சி.பி. என்ற வகையைத்தான் வழக்கத்தில் அப்பெயரால் அழைக்கிறோம். போகும் வயரும் திரும்பும் வயரும் ஒரே இரும்பு வளையத்தின் ஊடே செல்ல, போன மின்சாரம் அவ்வளவும் திரும்பி வருகிறதா என்று அது கணந்தோறும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. குறைந்தால், குறைந்தது வேறு வழியில், ஒருவேளை ஒரு மனித உடலின் வழியில், மண்ணுக்குப் போயிருக்க வேண்டும் என்று கொண்டு இணைப்பைத் துண்டிக்கிறது. 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். 100 என்றும் 300 என்றும் எழுதியவை தீவிபத்தைத் தடுக்கப் பயன்படுபவை. கைக்கருவிகளுக்கு உரியவை அல்ல. எர்த்தையும் விட்டுவிடாதீர்கள்: எர்த் இருந்தால், கோளாறு ஏற்பட்ட அந்த நிமிஷமே, எவரும் தொடுவதற்கு முன்பே சாதனம் விழுந்துவிடும், எர்த் இல்லையென்றால் ஒருவர் தொட்ட பிறகுதான் விழும்.

கேள்வி: ஐயா, மேலகரத்தில் மாடி வீடு ஒன்று எடுத்துச் செய்து வருகிறேன். சாரல் தொடங்கிய நாள் முதல் காலையில் வேலை ஆரம்பித்தால் இ.எல்.சி.பி. நிற்பதேயில்லை, பத்துத் தடவை தூக்கிவிட வேண்டியிருக்கிறது. மதியத்துக்கு மேல் ஒரு தொந்தரவும் இல்லை. சாதனம் பழுது என்று சொல்லி எங்கள் வயர்மேன் அதைத் தாண்டி நேரடியாக இணைத்துவிட்டார். வேலை தடையில்லாமல் நடக்கிறது. இருந்தாலும் மனத்துக்கு உறுத்தலாக இருக்கிறது. இது சரிதானா?
— ஒப்பந்தக்காரர், மேலகரம்

தங்கள் மனம் உறுத்தியதற்கு நான் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். இந்தப் பதிலைப் படித்து முடித்ததும், இல்லை, படித்து முடிப்பதற்கு முன்பாகவே, மெயினை இறக்கிவிட்டு அந்த நேர் இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். இரவெல்லாம் குரைத்த நாயைக் கொன்றுவிட்டு, இனிமேல் திருடன் வரமாட்டான் என்று நிம்மதியாகத் தூங்குகிறவனுக்கும் தங்கள் வயர்மேனுக்கும் பேதம் ஒன்றுமில்லை. என் அனுபவத்தில், சாரல் காலத்தில் விழுகின்ற இ.எல்.சி.பி.களில் உண்மையிலேயே பழுதானவை மிகவும் சொற்பம். அவை விழுவது கசிவு இருப்பதால். காலையில் விழுந்து மதியம் நிற்பதே அதற்குப் பிரத்தியட்சமான அத்தாட்சி. வெயில் ஏறினால் சாதனம் தானாகக் குணமாகிவிடாது; நனைந்திருந்த ஏதோ ஒன்று உலர்கிறது என்பதே அதன் பொருள்.

போன வருஷம் இலஞ்சிப் பக்கம் ஒரு மனையில் இதே புகாருக்காக என்னை அழைத்திருந்தார்கள். அங்கே நடந்ததை விவரமாகச் சொல்கிறேன். தங்கள் மனையில் தேட வேண்டிய முறையும் அதுதான். காலை எட்டு மணி. இரவெல்லாம் சாரல் அடித்து அப்போதுதான் ஓய்ந்திருந்தது. முதலில் எல்லா எம்.சி.பி.களையும் இறக்கினார்கள், கலவை இயந்திரத்தை மட்டும் ஏற்றினார்கள், சாதனம் விழுந்தது. ஆகவே இயந்திரத்தில்தான் கோளாறு என்று தீர்மானித்து, அதை லாரியில் ஏற்ற ஆயத்தமாகிவிட்டார்கள். இந்த முடிவு தவறு. எம்.சி.பி. பேஸை மட்டும்தான் வெட்டுகிறது. நியூட்ரல் அப்படியே தொடுத்திருக்கிறது. வேறொரு கிளையில் நியூட்ரல் வயர் ஈரத்தின் வழியாக மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தால், நல்ல நிலையில் இருக்கிற இயந்திரத்தை ஓட்டினாலும் திரும்பி வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு அந்த வழியே மண்ணுக்குப் போய்விடும், சாதனம் விழும், பழி இயந்திரத்தின் மேல் வரும். ஆகையால் இறக்கினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பிளக்கையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கியாக வேண்டும்.

எல்லாவற்றையும் பிடுங்கிய பின் சாதனம் நின்றது. கலவை இயந்திரத்தைச் செருகினோம், நின்றது. கம்பி வெட்டும் இயந்திரம், வைப்ரேட்டர் இரண்டையும் செருகினோம், நின்றது. பின்பக்கத்து விளக்கு வயரைச் செருகினோம், அப்போதும் நின்றது. கடைசியில் தண்ணீர் மோட்டாரைச் செருகியதும் விழுந்தது. உடனே, மோட்டார்தான் குற்றவாளி என்று உடன் இருந்தவர்கள் சொன்னார்கள். விளக்கு வயரைப் பிடுங்கிவிட்டு மோட்டாரை மட்டும் தனியே செருகச் சொன்னேன், நின்றது! தனித்தனியே இரண்டும் நிற்கின்றன, சேர்ந்தால் விழுகின்றன. பலர் சாதனத்தின் மேல் நம்பிக்கை இழப்பது இந்தக் கட்டத்தில்தான்.

500 வோல்ட் மெக்கரை எடுத்து, பிடுங்கிய நிலையில், பேஸ் வயருக்கும் எர்த்துக்கும் இடையே வைத்துப் பார்த்தேன். விளக்கு வயரில் 20,000 ஓம்; மோட்டாரில் 25,000 ஓம். 230 வோல்ட்டில் முதலாவதன் கசிவு 11.5 மில்லி ஆம்பியர், இரண்டாவதன் கசிவு 9.2. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 30 என்று எழுதியிருக்கும் சாதனம் 30 வரையில் காத்திருப்பதில்லை; 15-க்குக் கீழே விழக்கூடாது, 30-இல் கட்டாயம் விழ வேண்டும் என்பதே அதற்கு விதித்த நியதி. இரண்டும் சேர்ந்த 20.7, அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. தனித்தனியே இரண்டும் 15-க்குக் கீழே நின்றன. பதினோரு மணி வெயிலில் இரண்டும் உலர்ந்து, தடை பல மடங்கு ஏறியதும், புகார் தானே மறைந்துவிடும். மறுநாள் சாரலுக்குப் பிறகு மறுபடி தோன்றும்.

விளக்கு வயரைக் கையால் தடவிக்கொண்டே போனோம். மணல் குவியலுக்கு அடியில், கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட் இருந்தது. டேப்பை அவிழ்த்தபோது உள்ளிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. செம்பு பச்சை பிடித்திருந்தது. மோட்டாரின் இணைப்புப் பெட்டிக்கு ரப்பர் விளிம்பு போய்விட்டிருந்தது. வயர் மேற்பக்கமாக நுழைந்ததால், அதன் மேல் வழிந்த நீரெல்லாம் நேராகப் பெட்டிக்குள் இறங்கியிருந்தது. ஜாயிண்ட்டை வெட்டியெறிந்துவிட்டு ஒரே நீளமான வயர் போட்டோம். மோட்டாரைப் பகல் முழுவதும் வெயிலில் காயவைத்து, ரப்பர் விளிம்பும் கிளாண்டும் பொருத்தி, வயர் கீழ்ப்பக்கமாக நுழையும்படி பெட்டியைத் திருப்பினோம். மாலையில் மெக்கர் முறையே 5 மெகா ஓமும் 2 மெகா ஓமும் காட்டியது. ஒரு மெகா ஓமுக்குக் குறைந்த எதையும் நான் சாக்கெட்டில் செருக விடுவதில்லை. அப்புறம், விளக்குக்கும் மோட்டாருக்கும் கருவிகளுக்கும் தனித்தனியே ஒரு 30 மில்லி ஆம்பியர் சாதனம் வைக்கச் சொன்னேன். ஒன்று விழுந்தால் மற்ற வேலை நிற்காது, எந்தக் கிளையில் கோளாறு என்பதும் தேடாமலே தெரிந்துவிடும். வேலை தடைப்படுகிறது என்ற காரணத்துக்காகச் சாதனத்தைத் தாண்டி இணைக்கிறவர்களுக்கு, தடைப்படாமல் இருக்கும் வழி இதுதான் என்பது ஏன் தோன்றவில்லை என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

30 என்ற எண்ணுக்குக் காரணம் கேட்பார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல், தாமாக முன்வந்த மனிதர்களைக் கொண்டு, கையில் பிடித்த உலோகத்தை எவ்வளவு மின்சாரம் வரையில் தன் இச்சையால் விட்டுவிட முடிகிறது என்று அளந்தார். ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு 10.5. அதற்கு மேலே தசை இறுகிப்போய், பிடித்த கை விடாது. மூச்சும் அடைபடும், நேரம் நீண்டால் இதயம் தாளம் தவறும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் நம் சாதனம் 0.3 வினாடிக்குள் விழ வேண்டும். அதன் ஐந்து மடங்கு கசிந்தால் 0.04 வினாடிக்குள். விழுவதற்கு முன் தொட்டவருக்கு அதிர்ச்சி தெரியத்தான் செய்யும்; ஆனால் பிராணன் போகாது. தங்கள் மேலகரத்து மனையில் இன்று அந்த 0.3 வினாடி இல்லை. கையில் பிடித்தவர் பிடித்தபடியே நிற்பார்.

கேள்வி: சாதனத்தில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் உடனே விழுகிறது. அப்படியானால் எர்த் சரியாக இருக்கிறது என்று கொள்ளலாம் அல்லவா?
— டிப்ளமா மாணவர், கடையநல்லூர்

கொள்ளலாகாது. அந்தப் பொத்தான் சாதனத்தின் உள்ளேயே ஒரு தடையின் வழியாக வளையத்தை ஏமாற்றிப் பார்க்கிறதேயொழிய எர்த் வயரைத் தொடுவதேயில்லை. எர்த்தே இல்லாத வீட்டிலும் விழும். வாரம் ஒருமுறை, சாரல் நாட்களில் தினமும் காலையில், அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். எர்த்தைத் தனியாக அளக்க வேண்டும்.

கேள்வி: பழைய குற்றாலம் சாலையில் எங்கள் தங்கும் விடுதிக்கு மேல்தளம் எழுப்புகிறோம். மின்போர்டுக்கு மேலே தகரக் கூரை போட்டிருக்கிறோம். வயர்களைத் தரையில் விடாமல் சாரத்துக் கம்பிகளில் கட்டி மேலே கொண்டுபோயிருக்கிறோம். வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?
— விடுதி உரிமையாளர், குற்றாலம்

நல்ல எண்ணத்தோடுதான் செய்திருக்கிறீர்கள். ஆனால் இரண்டையும் மாற்ற வேண்டும்.

மழை மேலிருந்து விழும். குற்றாலத்துச் சாரலோ, ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகின்ற காற்றின் தோளில் ஏறி, பக்கவாட்டில் பூத்தூவலாக வந்து, கூரைக்கு அடியிலும் சுவரின் மறைவிலும் புகுந்துவிடும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே சட்டை நனைந்துவிடுகிற ஊர் இது. தகரக் கூரை சென்னை மழைக்குப் போதும். இங்கே நாற்புறமும் மூடிய, கதவுக்கு ரப்பர் விளிம்பு உள்ள பெட்டி வேண்டும். அதைத் தரையிலிருந்து மார்பு உயரத்தில், காற்று வரும் மேற்குக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். எல்லா வயர்களும் அடிப்பக்கமாக மட்டுமே நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் ஒவ்வொன்றும் பெட்டிக்குக் கீழே ஒரு சாண் தொங்கி, வளைந்து மேலேற வேண்டும். வயரின் மேல் வழிந்து வருகிற நீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டி விழுந்துவிடும். செலவில்லாத இந்தத் தொங்கலை விடாத காரணத்தால் நாசமான போர்டுகள் எத்தனையோ!

சாரத்தின் விஷயம் இதைவிட அவசரமானது. இரும்புச் சாரத்தில் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டிய வயர், ஆட்கள் ஏறி இறங்கும் ஒவ்வொரு அசைவுக்கும் சிறிது சிறிதாக அறுபட்டு, ஒரு நாள் சாரம் முழுவதையும் மின்சாரமுள்ளதாக்கிவிடும். மூன்று கோர் உள்ள, வட்டமான, ரப்பரோ பி.வி.சி.யோ வெளியுறை போட்ட 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை வாங்கி, மரக் கம்புகளில் பிளாஸ்டிக் பட்டையால் தளர்வாகக் கட்டி, சாரத்தைத் தொடாமல் ஏற்றுங்கள். வீட்டுச் சுவருக்குள் பதிக்கிற ஒற்றை வயர்களை முறுக்கித் தரையில் விடுகிற பழக்கத்தைக் கண்ணால் காணவும் எனக்குச் சகிக்கவில்லை. லாரி கடக்கும் இடத்தில் அரை மீட்டர் ஆழத்தில் குழாய்க்குள் புதையுங்கள். சுருளில் வாங்கிய வயரை முழுவதும் அவிழ்த்த பிறகே பயன்படுத்துங்கள். சுற்றிய நிலையில் சுமை கொடுத்தால், உள்சுற்றுகளின் சூடு வெளியேற வழியின்றி உறை இளகிவிடும். நீளம் போதாத இடத்தில் டேப் ஜாயிண்ட் கூடாது. நீர் புகாத இண்டஸ்ட்ரியல் பிளக்கும் சாக்கெட்டும் போட்டு, அந்த இணைப்பை ஒரு கம்பத்தில் உயரக் கட்டுங்கள்.

மழை நின்றதும் இவையெல்லாம் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். தளம் போட்ட பிறகு ஏழு நாளுக்குக் குறையாமல் நீராட்டப் போகிறீர்கள். அந்த ஒரு வாரமும் தங்கள் மாடியில் சாரல் மாதம்தான்.

கேள்வி: என் தம்பி இங்கிலாந்தில் கட்டட வேலையில் இருக்கிறான். அங்கே மஞ்சள் நிறப் பெட்டி ஒன்றின் வழியாக 110 வோல்ட்டில்தான் கைக்கருவிகளை ஓட்டுகிறார்களாம். நம் ஊரில் ஏன் இல்லை?
— கம்பி கட்டும் தொழிலாளி, வீரகேரளம்புதூர்

தம்பி சொன்னது உண்மை. அந்த மின்மாற்றியின் நடு முனையை எர்த் செய்துவிடுவதால், எந்த வயரைத் தொட்டாலும் மண்ணுக்கு மேலே 55 வோல்ட்தான் கிட்டும். உடம்பில் பாய்வது அந்த அளவுக்குக் குறைந்துவிடும். சிறந்த ஏற்பாடு. இங்கே 110 வோல்ட் கருவிகள் சாதாரணக் கடையில் கிடைக்காததே தடை. ஆயினும் நிலத்தடித் தொட்டிக்குள்ளும், கழிவுத் தொட்டிக்குள்ளும் இறங்கிப் பூசும்போது 230 வோல்ட் விளக்கைக் கொண்டு இறங்க மறுத்துவிடுங்கள். பாட்டரி விளக்கோ, மின்மாற்றியை வெளியே வைத்த 24 வோல்ட் விளக்கோ கேளுங்கள். கேட்பது தங்கள் உரிமை.

கேள்வி: சாரல் காற்றில் மரம் விழுந்து அடிக்கடி மின்சாரம் போய்விடுகிறது. சிறு ஜெனரேட்டர் வைத்து, இரண்டு பக்கமும் பிளக் உள்ள வயரால் போர்டின் சாக்கெட்டிலேயே செருகிவிடுகிறோம். சுலபமாக இருக்கிறது. இ.எல்.சி.பி.யும் இருக்கிறது.
— கட்டட ஒப்பந்தக்காரர், ஐந்தருவிச் சாலை

அந்த வயரை இன்றைக்கே எரித்துவிடுங்கள். ஒரு முனையைச் செருகியதும் மறுமுனையின் பித்தளைக் கால்களில் 230 வோல்ட் அம்மணமாக நிற்கிறது. மெயினை இறக்க ஒரு நாள் மறந்தால், தங்கள் மின்சாரம் தெருக் கம்பிக்கு ஏறி, அங்கே மரக்கிளையை அகற்றிக்கொண்டிருக்கும் மின்வாரியத் தொழிலாளியைக் கொல்லும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்தே தீர வேண்டும்.

இ.எல்.சி.பி. இருக்கிறது என்ற ஆறுதலும் அரைகுறைதான். சிறு ஜெனரேட்டர் பலவற்றில் இரு முனைகளில் எதுவும் அதன் உடலோடு சேர்ந்திருப்பதில்லை. கசிவு ஏற்பட்டாலும் மண் வழியாகத் திரும்பப் பாதை இல்லாததால் சாதனம் விழாது; இரண்டாவது கோளாறு மற்ற வயரில் வரும்போது ஆள் நடுவில் அகப்பட்டுக்கொள்வான். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு, ஒரு முனையைச் சாதனத்துக்கு முன்னாலேயே ஜெனரேட்டரின் உடலோடும் ஓர் எர்த் கம்பியோடும் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு சாதனம் தன் வேலையைச் செய்யும்.

கேள்வி: என் அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறார்கள். கலவை இயந்திரத்தைத் தொட்டால் சில சமயம் கை "சுருக்"கென்கிறது என்கிறார்கள். மேஸ்திரியிடம் சொன்னதற்கு, ஈரக் கை என்றால் அப்படித்தான் இருக்கும், செருப்புப் போட்டுக்கொள் என்றாராம். பயப்பட வேண்டுமா?
— பத்தாம் வகுப்பு மாணவி, சுந்தரபாண்டியபுரம்

குழந்தாய், அம்மா சொன்னது மிகவும் முக்கியமான செய்தி. அதை அவர்கள் உன்னிடம் சொன்னதும், நீ எழுதிக் கேட்டதும் நல்ல காரியம். ஈரக் கை என்றால் அப்படி இருக்காது. எர்த் அறுந்துபோன, இ.எல்.சி.பி. இல்லாத இயந்திரம் என்றால்தான் அப்படி இருக்கும். இன்று சுருக்கென்பது நாளை மழையில் கையை விடாமல் பிடித்துக்கொள்ளும். செருப்பு நனைந்தால் அதனால் பிரயோஜனம் இல்லை.

நாளைக் காலையில் அம்மா அந்த இயந்திரத்தைத் தொட வேண்டாம். கூட வேலை செய்யும் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, வீட்டு உரிமையாளரிடமே போய், மேஸ்திரியையும் வைத்துக்கொண்டு சொல்லட்டும். மின்பணியாளர் வந்து எர்த்தையும் வயரையும் பார்த்து, சாதனம் வைத்த பிறகு வேலையைத் தொடங்கலாம். ஒருவேளை யாரையாவது மின்சாரம் பிடித்துக்கொண்டால், ஆளைத் தொட்டு இழுக்கக் கூடாது. முதலில் மெயினை இறக்க வேண்டும். ஆகையால் மெயின் எங்கே இருக்கிறது என்பதை அங்கே வேலை செய்கிற ஒவ்வொருவரும், கடைசிச் சித்தாள் வரை, முதல் நாளே போய்ப் பார்த்துவைத்துக்கொள்ளட்டும். இந்தப் பக்கத்தை மேஸ்திரியிடம் படித்துக் காட்டு. அவர் மறுத்தால் எனக்கு மறுபடி எழுது; நானே வந்து பார்க்கிறேன்.